ஒரே பி மதிப்பு, இரண்டு வேறு பதில்கள்: கேனுலா ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

கையில் போட்ட ஐ.வி. கேனுலாவை மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றிவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் போடுவது பல வார்டுகளில் நெடுநாள் வழக்கம். டிரிப்ஸ் தடையில்லாமல் இறங்கும், வலியோ வீக்கமோ இருக்காது. இருந்தாலும் நாள் கணக்கு முடிந்துவிட்டால் கழற்றியாக வேண்டும். "நல்லாத்தானே போகுது சிஸ்டர், மறுபடி எதுக்குக் குத்துறீங்க?" என்று நோயாளி கேட்பார். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், வயதானவர், நரம்பே கிடைக்காதவர் என்றால் அந்தக் கேள்வி நம் மனதிலும் இருக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஆய்வு செய்தவர்களில் ஆஸ்திரேலிய நர்சிங் ஆராய்ச்சியாளர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல நாள் கணக்கில் மாற்றுவது. இன்னொரு குழுவுக்கு வலி, சிவப்பு, வீக்கம், அடைப்பு, கசிவு என்று ஏதாவது அறிகுறி தெரிந்தால் மட்டும் மாற்றுவது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஜர்னல் கிளப்புக்கு ஒரு கட்டுரையை விமர்சித்து எழுதச் சொன்னால் மாணவர்கள் தடுமாறும் இடம் முடிவுகள் பகுதிதான். பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் 'வித்தியாசம் உண்டு', மேலே இருந்தால் 'வித்தியாசம் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பதைக் காட்ட இந்தக் கேனுலா ஆய்வுகளைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இதில் இரண்டு முடிவுகளுக்குப் பி மதிப்பு ஒன்றேதான், 0.64. ஆனால் ஒன்று நம் கேள்விக்குப் பதில் சொல்கிறது, மற்றது எதையுமே சொல்லவில்லை.

முதலில் 2008-ல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஜோன் வெப்ஸ்டரும் குழுவினரும் பிரிஸ்பேனில் 755 நோயாளிகளை வைத்துச் செய்தது. ப்ளெபிட்டிஸ் வந்தோ, மருந்து நரம்புக்கு வெளியே இறங்கியோ கேனுலாவைக் கழற்ற வேண்டிவந்தவர்களை எண்ணினார்கள். நாள் கணக்கில் மாற்றிய குழுவில் 376 பேரில் 123 பேர், அதாவது 33%. அறிகுறி வந்தால் மாற்றிய குழுவில் 379 பேரில் 143 பேர், 38%. ஒப்பீட்டு அபாயம் 1.15, அதன் 95% நம்பிக்கை இடைவெளி 0.95 முதல் 1.40 வரை. வித்தியாசம் புள்ளியியல்படி முக்கியமானதல்ல என்று கட்டுரை சொல்கிறது.

இந்த எண்களிலிருந்து கணக்கிட்டால் பி மதிப்பு ஏறக்குறைய 0.15 வருகிறது. இதன் பொருள் என்ன? உண்மையில் இரண்டு முறைகளுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் குலுக்கலில் யார் எந்தக் குழுவுக்குப் போனார்கள் என்ற தற்செயலாலேயே 5 சதவீதப் புள்ளி வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ வரலாம். இதே ஆய்வை 100 முறை நடத்தினால் சுமார் 15 முறை அப்படி வரும். பி மதிப்பு சொல்வது இவ்வளவுதான். 'வித்தியாசம் இல்லாமல் இருக்க 15% வாய்ப்பு' என்று அதற்குப் பொருள் இல்லை. அது தொடங்குவதே 'வித்தியாசம் இல்லை' என்ற அனுமானத்திலிருந்து. தான் ஏற்றுக்கொண்ட அனுமானம் எவ்வளவு உண்மை என்று அதுவே சொல்ல முடியாது. மாணவர்களின் குறிப்பேடுகளில் நான் அதிகம் திருத்தியது இந்தத் தவறைத்தான்.

சரி, இப்போது நம்பிக்கை இடைவெளிக்கு வருவோம். பாடப்புத்தக வரையறைப்படி, இதே முறையில் 100 ஆய்வுகள் நடத்தி 100 இடைவெளிகள் கணக்கிட்டால் அவற்றில் சுமார் 95 உண்மையான மதிப்பைத் தமக்குள் வைத்திருக்கும். வார்டில் உட்கார்ந்து கட்டுரை படிக்கும்போது இதை இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளலாம்: இந்தத் தரவோடு முரண்படாத உண்மைகள் எந்த எல்லை முதல் எந்த எல்லை வரை இருக்கின்றன என்பதே இடைவெளி. நடுவில் உள்ள மதிப்புகள் தரவோடு நன்றாகப் பொருந்துகின்றன, ஓரங்களில் உள்ளவை கொஞ்சம் இழுபறியாகப் பொருந்துகின்றன.

அப்படிப் பார்த்தால் 0.95 முதல் 1.40 வரை என்பது என்ன சொல்கிறது? ஒப்பீட்டு அபாயத்தில் 1 என்றால் இரு குழுவும் சமம். (கழித்து வரும் வித்தியாசத்துக்கு 0 என்றால் சமம். விகிதத்தில் 0-வைத் தேடிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) இடைவெளிக்குள் 1 இருப்பதால்தான் பி மதிப்பு 0.05-க்கு மேலே போயிருக்கிறது. ஆனால் அதே இடைவெளிக்குள் 1.40-ம் இருக்கிறது. அறிகுறி வரும்வரை காத்திருந்தால் கேனுலா கெட்டுப்போவது 5% குறையவும் கூடும், 40% அதிகமாகவும் கூடும். இரண்டையும் இந்த ஆய்வால் விலக்க முடியவில்லை. கழித்துப் பார்த்தால் 100 நோயாளிகளில் 2 பேருக்குக் குறைவதிலிருந்து 12 பேருக்கு அதிகமாவது வரை. 'வித்தியாசம் இல்லை' என்று இதைச் சுருக்கி எழுதினால், 12 பேர் என்ற சாத்தியம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 'வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய இந்த ஆய்வு போதவில்லை' என்பதுதான் சரியான வாக்கியம்.

அதே கட்டுரையில் செலவுக் கணக்கும் உண்டு. நாள் கணக்கில் மாற்றிய குழுவில் சராசரியாக 41.02 ஆஸ்திரேலிய டாலர், மற்றதில் 36.40. வித்தியாசம் ஐந்து டாலருக்கும் குறைவு. பி மதிப்பு 0.001-க்குக் கீழே. ஐந்து டாலர்கூட வராத வித்தியாசத்துக்கு இவ்வளவு சிறிய பி மதிப்பு, 100 பேரில் 12 பேர் வரை பாதிக்கலாம் என்ற விஷயத்துக்கு 0.15. பி மதிப்பின் அளவை வைத்து விளைவின் அளவை ஊகிக்கவே கூடாது என்பதற்கு ஒரே கட்டுரைக்குள் கிடைக்கும் சாட்சி இது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கு ஒரு நோயாளிக்கு இத்தனை என்ற கணக்கு. அறிகுறி வந்தால் மட்டும் மாற்றினால் கேனுலா கூடுதல் நாள் கையில் இருக்கும், அதனால் கெட்டுப்போக அதற்குக் கூடுதல் அவகாசமும் இருக்கும். 1,000 கேனுலா நாளுக்கு எத்தனை என்று கணக்கிட்டபோது விகிதம் 0.98 ஆகிவிட்டது, இடைவெளி 0.78 முதல் 1.24 வரை. நோயாளிகளும் கேனுலாக்களும் அவையேதான், வகுக்கும் எண் மட்டும் மாறியது. எது சரி என்றால், கேள்வியைப் பொறுத்தது. 'என் கைக்கு என்ன ஆகும்' என்று கேட்கும் நோயாளிக்கு முதல் கணக்கு. 'கேனுலா ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அந்த நாளின் ஆபத்து ஏறுகிறதா' என்ற கேள்விக்கு இரண்டாவது கணக்கு. கட்டுரையின் சுருக்கத்தில் எந்தக் கணக்கை முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது 2012-ல் லான்செட்டில் வந்தது. கிளேர் ரிக்கர்டு தலைமையில் குயின்ஸ்லாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு. இதை அவர்கள் தொடக்கத்திலேயே சமநிலை ஆய்வாகத் திட்டமிட்டார்கள். அதாவது, 'வித்தியாசம் உண்டா' என்று கேட்கவில்லை. 'வித்தியாசம் இருந்தாலும் அது நாம் கவலைப்படும் அளவுக்குக் கீழே இருக்கிறதா' என்று கேட்டார்கள். அந்த அளவை 3 சதவீதப் புள்ளி என்று முன்கூட்டியே வரையறுத்தும் வைத்தார்கள். ப்ளெபிட்டிஸ் வந்தவர்கள் அறிகுறிக் குழுவில் 1,593 பேரில் 114, நாள் கணக்குக் குழுவில் 1,690 பேரில் 114. இரண்டும் ஏறக்குறைய 7%.

இந்த இடைவெளியை நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை கையால் செய்துவிட்டால் இடைவெளி எங்கிருந்து வருகிறது என்ற பயம் போய்விடும்.

```
114/1593 = 0.0716
114/1690 = 0.0675
0.0716 - 0.0675 = 0.0041
sqrt(0.0716*0.9284/1593 + 0.0675*0.9325/1690) = 0.0089
0.0041 - 1.96*0.0089 = -0.0133
0.0041 + 1.96*0.0089 =  0.0215
```

நான்காவது வரியில் வருவது திட்டப்பிழை. நோயாளிகளின் எண்ணிக்கை கூடக்கூட அது சுருங்கும். அதை 1.96 ஆல் பெருக்கி இரு பக்கமும் வைத்தால் 95% இடைவெளி. வித்தியாசம் 0.41%, இடைவெளி −1.33% முதல் 2.15% வரை, கட்டுரையில் அச்சானதும் இதே எண்கள்தான். பி மதிப்பு 0.64.

இப்போது இடைவெளியின் இரண்டு முனைகளையும் 3% எல்லையோடு ஒப்பிடுங்கள். நல்ல பக்கம் −1.33, கெட்ட பக்கம் 2.15. இரண்டுமே எல்லைக்குள் அடங்கிவிட்டன. மோசமான முனையே உண்மை என்று வைத்தாலும் 100 பேரில் கூடுதலாக 2 பேருக்குத்தான் ப்ளெபிட்டிஸ். அதனால் இங்கே ஆசிரியர்கள் 'இரண்டு முறைகளும் சமம்' என்று சொல்ல உரிமை பெறுகிறார்கள். அந்த உரிமை வந்தது 0.64 என்ற பி மதிப்பிலிருந்து அல்ல, இடைவெளி குறுகலாக இருப்பதிலிருந்து.

விமர்சிப்பவர் அடுத்துக் கேட்க வேண்டியது, 3% என்பது யாருடைய எல்லை? அது கணிதத்திலிருந்து வருவதல்ல, மருத்துவத் தீர்மானம். உங்கள் வார்டில் 2% அதிகமானாலே ஏற்கமாட்டோம் என்று நினைத்தால், 2.15 அதைத் தாண்டிவிடுகிறது. உங்களுக்கு இந்த ஆய்வு சமநிலையைக் காட்டவில்லை. இன்னொன்று, இரண்டு குழுவும் உண்மையிலேயே வேறுவிதமாக நடத்தப்பட்டனவா என்பது. மூன்றாம் நாளில் கையில் இருந்த கேனுலாக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் இருந்தன என்று கொடுத்திருக்கிறார்கள்: அறிகுறிக் குழுவில் 99 மணி நேரம், மற்றதில் 70. சமநிலை ஆய்வில் இது முக்கியமான எண். இரு குழுவுக்கும் ஏறத்தாழ ஒரே பராமரிப்பு கிடைத்திருந்தால் முடிவும் ஒன்றாகத்தான் வரும். அது சமநிலைக்குச் சான்றாகாது. இங்கே 29 மணி நேர வித்தியாசம் இருக்கிறது, அது எனக்குப் போதுமானதாகப் படுகிறது. ஆனால் ஐந்தாறு நாள் தாண்டியும் கையில் இருக்கும் கேனுலாவுக்கு இந்தச் சராசரியை அப்படியே நீட்டுவதற்கு நான் தயங்குவேன்.

இனி இரண்டாவது 0.64. காக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வெப்ஸ்டர், ரிக்கர்டு ஆய்வுகள் உட்பட மொத்தம் 4,895 நோயாளிகளின் தரவைச் சேர்த்தது. அதில் கேனுலாவால் வரும் ரத்தத் தொற்று பற்றி 4,806 பேரிடம் கிடைத்த முடிவு: அறிகுறிக் குழுவில் 2,365 பேரில் 1, நாள் கணக்குக் குழுவில் 2,441 பேரில் 2. ஒப்பீட்டு அபாயம் 0.61, இடைவெளி 0.08 முதல் 4.68 வரை, பி மதிப்பு 0.64.

ப்ளெபிட்டிஸுக்கு வந்த அதே எண். ஆனால் இடைவெளியைப் பாருங்கள். அறிகுறி வரும்வரை காத்திருந்தால் ரத்தத் தொற்று 92% குறையலாம், அல்லது ஏறக்குறைய ஐந்து மடங்காகலாம். ஐந்தாயிரம் பேர் சேர்ந்தும் ஏன் இவ்வளவு அகலம்? இடைவெளியின் அகலத்தை இங்கே தீர்மானிப்பது நிகழ்வுகளின் எண்ணிக்கை. நடந்தது மொத்தம் 3 தொற்று. ஒரே ஒரு நோயாளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறியிருந்தால் விகிதமே தலைகீழாகியிருக்கும். 'பெரிய ஆய்வு, ஐந்தாயிரம் பேர்' என்று கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்து நம்பிக்கை கொள்ளாமல், அட்டவணைக்குப் போய் நிகழ்வுகளை எண்ணுவது இதற்காகத்தான்.

ப்ளெபிட்டிஸ் வந்தால் கை வலிக்கும், கேனுலாவைக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்தத் தொற்று வந்தால் நோயாளி இறக்கவும் கூடும். நாம் அதிகம் பயப்பட வேண்டிய விளைவைப் பற்றித்தான் ஆய்வுகள் மிகக் குறைவாகச் சொல்லியிருக்கின்றன. வார்டு விதியை மாற்றும் கூட்டங்களில் 'தொற்றிலும் வித்தியாசம் இல்லை என்று ஆய்வு காட்டிவிட்டது' என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு நிஜமாகவே கவலை வருகிறது. ஆய்வு அப்படிக் காட்டவில்லை.

இதன் தொடர்ச்சி ஜெனீவாவில் நடந்தது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைகள் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தை 2018-ல் கைவிட்டு, அறிகுறி வந்தால் மட்டும் மாற்றுவதற்கு வந்தன. தொற்று அதிகமாவது தெரிந்ததும் 2019 அக்டோபரில் பழைய முறைக்கே திரும்பின. இதை 2021-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். மாற்றத்துக்கு முன் 2,41,432 கேனுலாக்களில் 11 ரத்தத் தொற்று. மாற்றிய காலத்தில் 1,30,779 கேனுலாக்களில் 46. நிகழ்வு வீத விகிதம் 7.20, இடைவெளி 3.65 முதல் 14.22 வரை, பி மதிப்பு 0.001-க்குக் கீழே.

முந்தைய ஆய்வுகளோடு இது மோதுகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெனீவாவில் மாற்றிய காலத்தில் 10,000 கேனுலாவுக்குச் சுமார் 3.5 தொற்று, அதற்கு முன் சுமார் 0.5. ரிக்கர்டு ஆய்வில் இரு குழுவுக்கும் சேர்த்து 5,907 கேனுலாக்கள், அதாவது குழுவுக்குச் சுமார் 3,000. ஜெனீவா வீதப்படியே அங்கும் நடந்திருந்தால் அறிகுறிக் குழுவில் ஒரு தொற்று எதிர்பார்க்கலாம், மற்றதில் ஒன்றுகூட வராமல் போகலாம். ஏழு மடங்கு ஆபத்து உண்மையாகவே இருந்திருந்தாலும் அந்த ஆய்வின் கண்ணில் அது பட்டிருக்காது. காக்ரேன் இடைவெளியின் மேல் முனை 4.68, ஜெனீவா இடைவெளியின் கீழ் முனை 3.65, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. 'வித்தியாசம் இல்லை' என்று படித்தவர்களுக்கு ஜெனீவா அதிர்ச்சியாக இருந்திருக்கும், இடைவெளியைப் படித்தவர்களுக்கு அவ்வளவு இருந்திருக்காது.

அதற்காக ஜெனீவாவின் 0.001-ஐப் பார்த்து மயங்கவும் கூடாது. அது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல, முன்-பின் ஒப்பீடு. அந்தக் காலத்தில் நோயாளிகளின் வகையோ பணிச்சுமையோ கேனுலா போடும் முறையோ மாறியிருந்தால் அதன் விளைவும் இந்த 7.20-க்குள் கலந்திருக்கும். பி மதிப்பும் நம்பிக்கை இடைவெளியும் தற்செயலை மட்டுமே அளக்கின்றன, சாய்வை, அதாவது முடிவை ஒரு பக்கமாக இழுக்கும் பிழையை, அளப்பதில்லை. சாய்வு இருந்தால் எண்ணிக்கை கூடக்கூடத் தவறான விடையைச் சுற்றி இடைவெளி குறுகும், அவ்வளவுதான். அப்புறம், ஏழு மடங்கு என்பது கேட்கப் பெரியது. நேரடி எண்ணிக்கையில் அது சுமார் 3,300 கேனுலாவுக்கு ஒரு கூடுதல் தொற்று. பெரிய மருத்துவமனைக்கு அது வருடத்துக்குப் பல நோயாளிகள், முப்பது படுக்கை வார்டில் பல ஆண்டுகள் ஒன்றுகூட வராமல் இருக்கலாம். விகிதத்தையும் நேரடி எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

பழைய முறைக்குத் திரும்பியதும் தொற்று குறைந்தது என்பது ஜெனீவா ஆய்வின் வலுவான பகுதியாகப் பேசப்படுகிறது, அதில் நியாயமும் உண்டு. மாற்றியபோது ஏறி, திரும்பியபோது இறங்கினால் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வலுப்படும். ஆனால் அந்தக் காலம் நாலரை மாதம்தான். 40,420 கேனுலாக்களில் 4 தொற்று. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 1.35, பி மதிப்பு 0.69, இடைவெளி 0.30 முதல் 6.17 வரை. இதைப் படித்துவிட்டு 'தொற்று வீதம் பழைய நிலைக்கே வந்துவிட்டது' என்று எழுதினால், 2008 கட்டுரையில் நாம் தவிர்த்த அதே தவறை இங்கே செய்கிறோம். பழைய நிலைக்கு வந்திருக்கலாம். ஆறு மடங்கு அதிகமாகவே நின்றிருக்கவும் கூடும். நான்கு தொற்றுகளால் அதற்கு மேல் சொல்ல முடியாது.